தமிழ் வரைபடத்தில் ஊர், ஆறு, சாலைப் பெயர்கள்: அளவா, தடிப்பா, இடைவெளியா?

ஆங்கில வரைபடத்தில் பெயர்களுக்குத் தரம் பிரிப்பது எளிது. பெரிய ஊருக்கு எல்லாம் கேபிட்டல், சின்ன ஊருக்கு முதலெழுத்து மட்டும் கேபிட்டல், ஆற்றுக்குச் சாய்வெழுத்து. தமிழில் கேபிட்டல் கிடையாது. சாய்வெழுத்து என்று கிடைப்பதும் பெரும்பாலும் நேரெழுத்தை இயந்திரம் தள்ளிச் சாய்த்ததுதான். ண, ஞ போன்ற சுழி எழுத்துகள் அதில் விழப்போவதுபோல் நிற்கும். ஆக, கையில் மிஞ்சுவது அளவு, தடிப்பு, நிறம், எழுத்திடைவெளி ஆகிய நான்கு. ஊருக்கு அளவும் தடிப்பும், ஆற்றுக்கு நிறமும் இடைவெளியும் என்று பிரித்துக்கொள்வதே என் கட்சி. அளவை மட்டும் நம்புவதும், எல்லாவற்றுக்கும் இடைவெளி போடுவதும் எங்கே சறுக்குகின்றன என்பதைக் கொங்குப் பகுதிப் படம் ஒன்றை வைத்தே பார்க்கலாம்.

தாள் ஏ3, அளவை 1:5,00,000, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 5 கிலோமீட்டர். கோவையிலிருந்து கரூர் வரை அகலத்தில் தாராளமாக அடங்கிவிடும்.

முதலில் அளவு. 7, 9, 11.5, 15 பாயிண்ட் என்று நான்கு படி போதும். அடுத்தடுத்த படிகளுக்குள் கால்பங்கு வித்தியாசமாவது இருக்க வேண்டும். 9-க்கும் 10-க்கும் உள்ள வேறுபாடு அச்சில் யார் கண்ணுக்கும் தெரியாது. 7-க்குக் கீழே போனால் ணை, ஞ, ஷ எல்லாம் உள்வெளி அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். இது கையில் பிடித்துப் பார்க்கும் தாளுக்கான கணக்கு. சுவரில் மாட்டும் படத்துக்கு ஒரு துண்டை அச்சிட்டு, பார்க்கும் தூரத்தில் ஒட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளவு மட்டும் ஏன் போதாது? கரூர் மாவட்டத் தலைநகர், அதற்கு 15 பாயிண்ட். கோபிசெட்டிபாளையம் 9 பாயிண்ட். ஆனால் கரூருக்கு மூன்றே எழுத்து, கோபிக்கு ஒன்பது. தாளில் கோபியின் பெயர் கரூரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் பிடிக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் பெரிய ஊர். நீளத்தில் சமன் செய்ய வேண்டுமென்றால் கரூரை 27 பாயிண்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். அப்புறம் சுற்றியுள்ள ஊர்களுக்கு இடமேது? பெரியநாயக்கன்பாளையம், மேட்டுப்பாளையம் என்று நம் பக்கத்துப் பாளையங்கள் எல்லாமே இந்த வம்பை இழுத்துவிடும். ‘கோபி’ என்று சுருக்கிப் போடலாமே என்று தோன்றும். அப்படிப் போட்டால் எல்லா ஊருக்கும் பேச்சு வழக்குப் பெயரையே போட வேண்டும், ஒன்றுக்கு மட்டும் சலுகை கூடாது.

இங்கே கேபிட்டல் செய்யும் வேலையைத் தடிப்பு செய்யும். மாவட்டத் தலைநகர் 15 பாயிண்ட் போல்டு, பெரிய நகரம் 11.5 மீடியம், மற்ற நகரம் 9 ரெகுலர், கிராமம் 7 ரெகுலர் கரும்சாம்பல். கரூர் நீளத்தில் தோற்றாலும் மையின் கனத்தில் ஜெயித்துவிடும். ஒரே குடும்பத்தில் மூன்று தடிப்பாவது உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். ரெகுலரை மென்பொருளே தடிக்க வைக்கும் போலி போல்டில் புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

சாலைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 544, 81, 83 என்ற எண்ணைச் சிறு கட்டத்துக்குள் 7 பாயிண்டில் போட்டு, நீண்ட சாலையில் அதையே 8, 10 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்பப் போட்டால் முடிந்தது. சாலைப் பெயரை நீட்டி விரிக்காதீர்கள். விரித்தால் அது ஆறு மாதிரி ஆகிவிடும்.

இனி இடைவெளி. பெரிய ஊரை விரித்து ‘க ரூ ர்’ என்று போடுபவர்கள் உண்டு. நான் அதற்கு எதிர்க்கட்சி. விரிந்த எழுத்து, ‘இந்தப் பெயர் இவ்வளவு தூரத்துக்குச் சொந்தம்’ என்று சொல்கிறது. அது ஆற்றுக்கும் ‘கொங்கு நாடு’ போன்ற நிலப்பரப்புக்கும் பொருந்தும், ஒரு புள்ளியில் நிற்கும் ஊருக்குப் பொருந்தாது.

பவானியில் இது நன்றாகத் தெரியும். ஊரும் பவானி, ஆறும் பவானி, இரண்டும், பவானி காவிரியில் சேரும் கூடுதுறையில் ஒரே இடத்தில். ஊர்ப் பெயர் 9 பாயிண்ட், கறுப்பு, நெருக்கமாக, ஊர் இருக்கும் மேற்குக் கரையிலேயே. எதிர்க்கரைக் குமாரபாளையம் கிழக்குப் பக்கம். இரண்டு பெயரும் காவிரிக் கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஊர் கரை மாறிவிடும். ஆற்றுப் பெயர் 8 பாயிண்ட், நீலம், விரித்து, ஆற்றின் வளைவை ஒட்டி. கூடுதுறையில் நெரிசல் என்பதால் அதைச் சத்தியமங்கலம் பக்கம் தள்ளிவிடலாம், அங்கே ஆறு கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில்தான் ஓடுகிறது. இடைவெளி ஓர் எழுத்தின் அகலத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் ‘ப… வா… னி’ ஆகி, நடுவில் ‘வா’ என்று யாரையோ கூப்பிடும். ஆறு நீளமென்றால் பெயரை இழுக்காமல் இரண்டு மூன்று இடத்தில் திரும்பப் போடுவதே சரி.

இவ்வளவும் முதல் அச்சுக்கு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உண்மையில் தீர்மானிப்பது பராமரிப்புதான், அதாவது ஒரு வருடம் கழித்து யாரோ ஒருவர் அதே கோப்பைத் திறந்து ஓர் ஊரைச் சேர்க்கும்போது நடப்பது. அளவும் தடிப்பும் அட்டவணையில் ‘தரம்’ என்ற ஒரு பத்தியிலிருந்து வந்தால், புது ஊருக்கு 2 அல்லது 3 என்று எழுதினாலே மற்றது தானாக நடக்கும். கையால் போட்ட இடைவெளி அப்படியல்ல.

நொய்யலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நொ, ய், ய, ல் என்று நான்கு எழுத்து. கணினிக்கு ந, ொ, ய, புள்ளி, ய, ல, புள்ளி என்று ஏழு குறி. ஏழுக்கும் நடுவில் இடைவெளி திணித்தால் கொம்பும் காலும் புள்ளியும் தனியே கழன்று, புள்ளிவட்டத்தோடு நிற்கும். வரைகலை மென்பொருளின் டிராக்கிங்கைக் கூட்டினாலும் சிலவற்றில் ெ, ந, ா மூன்றும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். கொங்குவின் ‘கொ’வுக்கும் இதே கதிதான். ஸ்பேஸ்பாரைத் தட்டி விரித்தவர்களுக்கோ வேறு தொல்லை: ‘நொய்யல்’ என்று தேடினால் கோப்பில் அந்த ஆறே இருக்காது.

அதனால் மூலப் பெயரைத் தொடாமல், விரித்த வடிவத்தை வேறு பத்தியில் உருவாக்குங்கள். உயிர், மெய் எழுத்துகளுக்கு முன் மட்டும் மெல்லிய இடைவெளி சேர்த்தால் போதும்:

```python
import re
def virippu(name):
    return re.sub(r'(?<=.)(?=[\u0B85-\u0BB9])', '\u2009', name)
```

நொய்யல் இதில் நான்காகவே பிரியும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் பெயர்களை மட்டும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்; இந்த வரி அவற்றையும் இரண்டாக உடைத்துவிடும். கரூர் மாவட்டத்தில் நொய்யல் காவிரியில் சேரும் இடத்தில் நொய்யல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. விரித்த பத்தியை ஆற்று அடுக்குக்கு மட்டும் கொடுத்திருக்கிறீர்களா என்பதை அந்த இடத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும்.