காஸ்9-ஆ, காஸ்12ஏ-வா: வெட்டு விழும் இடம் முடிவு செய்யட்டும்

ஒரு மரபணுவை எப்படியாவது முடக்கினால் போதும் என்றால், டிஎன்ஏவை வெட்டும் நொதிகளான காஸ்9, காஸ்12ஏ இரண்டில் எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஆறே எழுத்து நீளமுள்ள ஓர் இடத்தை மட்டும் கெடுக்க வேண்டும் என்று வரும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஆய்வகத்துக்கு வந்த வேலை இந்த இரண்டாவது வகை. காஸ்9-ஐ எடுத்தோம். இன்றும் நான் அந்தப் பக்கம்தான்.

இடம் பிசிஎல்11ஏ மரபணுவுக்குள் இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு கரு ஹீமோகுளோபினை அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ புரதம். இந்த மரபணுவில் புரதமாகாத பகுதியான இன்ட்ரான் ஒன்றில், அதைச் சிவப்பணு வழியில் தூண்டிவிடும் ஒரு பகுதி உண்டு. அங்கே காட்டா1 என்ற புரதம் வந்து உட்காரும் இடத்தைக் கெடுத்தால், சிவப்பணுவாக வளரும் செல்களில் பிசிஎல்11ஏ குறைந்து கரு ஹீமோகுளோபின் கூடும். அரிவாள் செல் நோய்க்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த காஸ்கெவி சிகிச்சை வெட்டுவதும் இதே இடத்தைத்தான்.

இரண்டு நொதிகளும் தேடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் கைடு ஆர்என்ஏ ஏறாத காஸ் புரதம் சும்மா கிடக்கும். ஏறியதும் வடிவம் மாறி டிஎன்ஏவைத் துழாவ ஆரம்பிக்கும். முதலில் அது தேடுவது கைடுக்குப் பொருந்தும் வரிசையை அல்ல, பேம் எனப்படும் சின்ன அடையாளத்தை. காஸ்9-க்கு அது NGG. காஸ்12ஏ-வுக்கு TTTV, அதாவது மூன்று T, அதன்பின் T அல்லாத ஓர் எழுத்து. பேம் கிடைத்தால் அதை ஒட்டி டிஎன்ஏவின் இரு இழைகளும் கொஞ்சம் விலகும். கைடு அங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஓர் இழையோடு இணைசேர்ந்து போகும். பேமை ஒட்டிய முதல் சில எழுத்துகளில் பொருத்தம் தவறினால் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். ஏறக்குறைய கடைசி வரை பொருந்தினால்தான் வெட்டும் பகுதி இடத்துக்கு வந்து சேரும்.

கைடு நீளம் (காஸ்9-க்கு நூறு எழுத்து அளவில், காஸ்12ஏ-வுக்கு நாற்பது சொச்சம்), விலை, யாரிடம் வாங்குவது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் முடிவைத் தீர்மானித்தது பேமிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டு விழுகிறது என்பது. காஸ்9 பேமுக்கு மூன்று எழுத்து முன்னால் இரண்டு இழைகளையும் பெரும்பாலும் நேராக வெட்டும். காஸ்12ஏ பேமிலிருந்து 18 எழுத்து போய் ஓர் இழையையும், 23 வாக்கில் மற்றதையும் வெட்டும். வெட்டு படிபோல இருக்கும். எங்கள் இடத்தில் இரண்டையும் வைத்துப் பாருங்கள், | குறி இருப்பது வெட்டு விழும் இடம்:

```
காஸ்9:   CTAACAGTTGCTTTTAT|CAC AGG
காஸ்12ஏ: TTTA TCACAGGCTCCAGGAAGG|
```

காட்டா1 உட்காரும் இடம் இதில் TTATCA. காஸ்9-இன் பேம் AGG. அதிலிருந்து மூன்று எழுத்து பின்னால் போனால் வெட்டு TTAT, CA இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. செல் அதை ஒட்டும்போது ஓர் எழுத்து கூடினாலே காட்டா1-க்கு இடம் போயிற்று.

காஸ்12ஏ-வுக்கும் இங்கே பேம் இல்லாமல் இல்லை. TTTA அதே எழுத்துகளில்தான் இருக்கிறது. ஆனால் அது பிடிப்பது காட்டா1 இடத்தில், வெட்டுவது அதைத் தாண்டி 15 எழுத்து தள்ளி. செல் அந்த வெட்டை ஒட்டும்போது எழுத்துகள் நீங்குவது பின்னோக்கி நீண்டால்தான் நம் இடம் கெடும். நீளாத செல்கள் எடிட் ஆனதாகக் கணக்கில் வரும், காட்டா1 மட்டும் பழையபடி வந்து உட்காரும். எடிட் சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறும் இடம் இது. எதிர் இழையிலும் தூரத்திலும் வேறு பேம்களைத் தேடலாம்தான். இருபது எழுத்துக்குள் காரியத்தை முடிக்கும் நொதி இருக்கும்போது அந்தச் சுற்று எதற்கு?

இந்தக் கைடில் ஒரு சிக்கலும் உண்டு. நடுவில் TTTT வருகிறது. கைடை பிளாஸ்மிடில் யூ6 புரொமோட்டர் வைத்துச் செல்லுக்குள்ளேயே எழுதவைத்தால், நான்கு T வரிசையாக வருவதை, அங்கே ஆர்என்ஏவை எழுதும் பாலிமரேஸ் நொதி நிறுத்தும் குறியாக எடுத்துக்கொள்ளும். முழுக் கைடின் அளவு குறையும். அதனால் ரசாயன முறையில் செய்த கைடை வாங்கி, காஸ்9 புரதத்தோடு கலந்து, மின் அதிர்ச்சி கொடுத்துச் செலுத்துவது நல்லது. புரதம் ஓரிரு நாளில் அழிந்துவிடும் என்பது கூடுதல் வசதி. ஆர்டர் கொடுக்கும்போது AGG-ஐக் கைடில் சேர்க்கக் கூடாது. பேம் டிஎன்ஏவில் இருக்க வேண்டியது.

வேலை செய்ததா என்று பார்க்க வெட்டிடத்தைச் சுற்றி 600 எழுத்து அளவில் பிசிஆர் செய்து சாங்கர் வரிசை எடுத்தால் போதும். TTAT வரை முகடுகள் பெரும்பாலும் ஒற்றையாக, சுத்தமாக வரும். அதன்பின் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். குழப்பம் அந்த இடத்தை ஒட்டித் தொடங்குகிறதா என்பதைக் கண்ணாலேயே பாருங்கள். வெகு முன்பே தொடங்கினால் பிரைமரிலோ பிசிஆரிலோ கோளாறு. எங்கும் குழம்பவில்லை என்றால் குற்றம் கைடிலா, செலுத்தியதிலா என்று பிரித்தறிய, அந்த பிசிஆர் துண்டையே குழாயில் போட்டு 37 டிகிரியில் வெட்டிப் பார்க்கலாம். ஜெல்லில் ஏற்றுமுன் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டீனேஸ் கே சேர்க்க மறக்காதீர்கள். காஸ்9 வெட்டிய பிறகும் டிஎன்ஏவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், பட்டைகள் இழுபட்டுத் தெரியும். குழாயில் இரண்டு துண்டாகி, செல்லில் ஆகவில்லை என்றால் கைடு நல்லதுதான். செலுத்தும் முறையைப் பாருங்கள்.

காஸ்12ஏ-வுடன் எனக்குப் பழக்கம் குறைவு. அதனால் அதன் பக்கத்தைக் கொஞ்சம் தயங்கியே சொல்கிறேன். அது தூரத்தில் வெட்டுவதால், சின்ன மாற்றம் வந்த பிறகும் பேமும் அதை ஒட்டிய எழுத்துகளும் சிதையாமல் இருக்கும், மறுபடி வந்து வெட்ட முடியும். மரபணுவை முழுக்க முடக்க இது லாபம். பொருந்தாத இடங்களை வெட்டுவதும் பொதுவாகக் குறைவு என்கிறார்கள், அதை நம்பக் காரணம் இருக்கிறது.

காஸ்9 பக்கமும் இதில் கறை உண்டு. நம் கைடையே 2023இல் மனித மரபணு வேறுபாடுகளோடு ஒப்பிட்டுத் தேடியபோது, சிபிஎஸ்1 மரபணுவின் இன்ட்ரானில் ஓர் இடம் அகப்பட்டது. பொது மாதிரி வரிசையில் அங்கே பேம் கிடையாது. ஒற்றை எழுத்து மாறிய சிலருக்கு மட்டும் அங்கே பேம் உருவாகிவிடுகிறது. அந்த மாற்றம் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம். அரிவாள் செல் நோய் மிகுதியாக இருப்பதும் அவர்களிடம்தான். பொது வரிசையை மட்டும் வைத்துத் தேடும் மென்பொருள் இதைக் காட்டாது. செல் யாருடையதோ அவருடைய வரிசையிலும் தேட வேண்டும்.

ஒரே செல்லில் மூன்று நான்கு இடங்களை வெட்டச் சொன்னால் நான் காஸ்12ஏ-வைத்தான் எடுப்பேன். கைடுகளை ஒரே நீள ஆர்என்ஏவாகக் கொடுத்தால் அதுவே தனித்தனியாக நறுக்கிக்கொள்ளும். காஸ்9-க்கு அந்தத் திறமை கிடையாது, கைடுகளைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும்.