வீடியோ கால் காட்சி: நேரடி அழைப்பா, எடிட்டிங்கில் ஒட்டுவதா?

அவள் சென்னையில், அவன் டொராண்டோவில். கோடையில் இங்கே இரவு 9:30 என்றால் அங்கே நண்பகல் 12. அவன் முகத்தில் வெயில், அவள் அறையில் மேசை விளக்கு. இந்தக் காட்சியை எடுக்க இரண்டு வழிகள்.

முதல் வழி, நடிகரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து நிஜமாகவே அழைப்பது. ஒருவர் தயங்கினால் மற்றவர் முகம் உடனே மாறும். போன் வெளிச்சமும் இயல்பாக அவள் கன்னத்தில் விழும். ஆனால் ஒவ்வொரு டேக்கும் வேறு மாதிரி வரும் என்பதால் வெட்டி ஒட்டுவது சிரமம். திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினால் ஷட்டர் வேகத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். கேமராவை மிக நெருக்கிக்கொண்டு போனால் திரையில் அலை அலையான கோலம் தெரியும். கொஞ்சம் பின்வாங்கினால் சரி.

இரண்டாவது வழி, போனில் பச்சைத் திரையை வைத்து எடுத்துவிட்டு, அவன் காட்சியை அப்புறம் பொருத்துவது. எந்த டேக்கையும் எதனுடனும் சேர்க்கலாம். ஆனால் பச்சை அவள் முகத்தில் படியும், விரல் திரையைக் கடக்கும் ஃபிரேம்களில் விரலின் உருவத்தை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அவள் யாரையும் பார்க்காமல் நடிக்கிறாள். அது கண்ணில் தெரிந்துவிடும்.

என் ஓட்டு, முகம் பேசும் அழைப்புகளுக்கு நேரடி வழிக்கே. குறுஞ்செய்திகளை மட்டும் எடிட்டிங்கில் சேர்க்கலாம், கடைசி நாள்வரை வசனத்தை மாற்ற முடியும். அவள் மேசையில் டொராண்டோ நேரம் காட்டும் கடிகாரம் வைத்தால், டேக்குக்கு டேக் முள்ளைத் திருப்பிவைக்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.