காசோலையில் கோடு: பேரரா, வெறும் கிராஸா, அக்கவுண்ட் பேயீயா?

வீட்டு அட்வான்ஸ் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரருக்கு செக்காகக் கொடுக்கிறீர்கள். இந்த ஒரு செக்கை நான்கு விதமாக எழுதலாம். ஒழுங்காக வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால் நான்கும் ஒன்றுதான். வழியில் தொலைந்தாலோ, வேறு கைக்குப் போனாலோதான் வித்தியாசம் தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியோடு பார்க்கலாம்: இந்த செக் தெருவில் விழுந்து, எடுத்தவர் நல்லவராக இல்லாவிட்டால் என்ன ஆகும்?

முதல் விதம், அச்சிட்டது அச்சிட்டபடியே விட்டுவிடுவது. பெயர் எழுதும் வரியின் வலது கோடியில் ‘அல்லது கொணர்பவருக்கு’ என்ற பொருளில் ‘ஆர் பேரர்’ என்று அச்சடித்திருக்கும். அதை அடிக்காமல், கோடும் போடாமல் கொடுத்தால் அது பேரர் செக். உங்கள் கிளை கவுண்டரில் யார் நீட்டினாலும் பணம் கொடுக்கலாம். தொகை பெரிதாக இருந்தால் காசாளர் அடையாள அட்டை கேட்பார், பின்பக்கம் கையெழுத்து வாங்குவார். ஆனாலும் வங்கி நல்லெண்ணத்தோடு முறைப்படி கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 85-ஆம் பிரிவில், வங்கிக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. எடுத்தவரைத் தேடுவது உங்கள் பாடு. என்னைக் கேட்டால், ‘செல்ஃப்’ என்று எழுதி நீங்களே பணம் எடுக்கும்போது தவிர வேறு எதற்கும் இந்த விதம் வேண்டாம். அதையும் கவுண்டர் முன்னால் நின்று எழுதுவதே நல்லது.

இரண்டாவது, ‘ஆர் பேரர்’ என்பதை மட்டும் ஒரு கோட்டால் அடித்துவிடுவது. இது ஆர்டர் செக். இப்போது பெயரில் உள்ளவர், அல்லது அவர் பின்பக்கம் கையெழுத்திட்டு யாருக்கு மாற்றிக்கொடுத்தாரோ அவர் மட்டுமே பணம் பெறலாம். கேட்கப் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்பக்கம் இருப்பது அந்த வீட்டுக்காரரின் உண்மையான கையெழுத்துதானா என்று உங்கள் வங்கிக்கு எப்படித் தெரியும்? அவருடைய மாதிரிக் கையெழுத்து அதனிடம் இல்லை. பார்வைக்கு முறையாக இருந்தால் போதும், சட்டம் வங்கியை விட்டுவிடும். பெறுபவர் உங்கள் கிளைக்கே வந்து அடையாளம் காட்டி ரொக்கமாக வாங்க வேண்டும் என்ற அபூர்வமான நேரத்தில் இது பயன்படும்.

மூன்றாவது, கிராஸ் செய்வது. இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு இணைகோடுகள் போட்டாலே போதும், வேறு எழுத்து எதுவும் தேவையில்லை. 123-ஆம் பிரிவு சொல்லும் பொதுக் கிராஸிங் இதுதான். இந்தக் கோடுகள் விழுந்ததும் கவுண்டரில் ரொக்கம் கிடைக்காது. ஏதாவது ஒரு வங்கிக் கணக்கு வழியாகத்தான் பணம் போக முடியும். திருடியவர் வாங்கினாலும் எந்தக் கணக்கில் வாங்கினார் என்ற தடம் இருக்கும். பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கோடுகள் பணம் போகும் வழியைக் கட்டுப்படுத்துமே தவிர, ஆளைக் கட்டுப்படுத்தாது. ‘ஆர் பேரர்’ அப்படியே இருந்தால் அது கிராஸ் செய்த பேரர் செக். பெயரில் இல்லாத ஒருவரும் தன் கணக்கில் போட்டுப் பார்க்க இடமிருக்கிறது.

நான்காவது, அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே ‘அக்கவுண்ட் பேயீ’ என்று எழுதுவது. இந்தச் சொற்கள் 1881 சட்டத்தில் இல்லை. வங்கி வழக்கத்தில் வந்து, ரிசர்வ் வங்கியின் உத்தரவால் உறுதிப்பட்டவை. பெயரில் உள்ளவரின் கணக்கைத் தவிர வேறு யார் கணக்கிலும் வங்கி இதை வரவு வைக்கக் கூடாது. கூட்டுறவு கடன் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும், 50,000 ரூபாய் வரையிலான செக்கைச் சங்கத்தின் கணக்கு வழியாக வசூலிக்க ஒரு சலுகை உண்டு. தெருவில் எடுத்தவருக்கு இந்த செக் வெறும் காகிதம். வாடகை, அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம், கடன் திருப்புவது எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் சொல்வேன், ‘ஆர் பேரர்’ என்பதையும் அடித்துவிட்டு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர்தான் செக்கிலும் இருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் ‘குமார்’ என்று கூப்பிடுபவரின் பாஸ்புக்கில் ‘குமாரசாமி’ என்று இருக்கலாம். ‘குமார்’ என்று எழுதிய அக்கவுண்ட் பேயீ செக்கை அவர் வங்கி தயங்காமல் திருப்பும். எழுதுவதற்கு முன்னால் பாஸ்புக்கில் உள்ள பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு வகைகள் உண்டு. ‘நாட் நெகோஷியபிள்’ என்று கோடுகளுக்கிடையே எழுதினால் செக்கை இன்னொருவருக்கு மாற்றவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, மாற்றலாம். ஆனால் கொடுத்தவருக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ, அதற்கு மேல் வாங்கியவருக்குக் கிடைக்காது. திருட்டு செக்கை விவரம் தெரியாமல் வாங்கிய கடைக்காரரும் அதை வைத்து உரிமை கொண்டாட முடியாது. மற்றது, கோட்டில் ஒரு வங்கியின் பெயரை எழுதும் சிறப்புக் கிராஸிங். அந்த வங்கி வழியாக மட்டுமே பணம் போகும். நீங்கள் எழுதவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

கோடு போடாமல் ஒரு செக் உங்கள் கைக்கு வந்தால் நீங்களே கோடு போட்டுக்கொள்ளலாம். 125-ஆம் பிரிவு பெறுபவருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. தபாலில் வந்த செக்கை மேசையில் வைப்பதற்கு முன்னால் இரண்டு கோடு இழுத்துவிடுவது நல்ல பழக்கம்.

எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். இப்போது செக் காகிதமாகப் பயணிப்பதில்லை. அதன் படம்தான் வங்கிகளுக்கிடையே நடக்கும் கிளியரிங்குக்குப் போகிறது. உங்கள் வங்கியில் இருப்பவர் திரையில் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். கிராஸிங் கோடு நீண்டு வந்து பெயர் மேல் ஏறினாலோ, கையெழுத்து அடியிலுள்ள எண்கள் வரிசைமேல் இறங்கினாலோ சிக்கல். வெளிர் நிற மை வேண்டாம், நீலமோ கறுப்போ போதும்.

அடுத்தது, எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகாத செக். இங்கே சட்டம் ஒன்று சொல்கிறது, நடைமுறை வேறாக இருக்கிறது. நம் அட்வான்ஸ் செக்கையே எடுத்துக்கொள்வோம். வரியில் ‘நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் மட்டும்’ என்று சரியாக எழுதிவிட்டு, கட்டத்தில் 54,000 என்று இலக்கத்தை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். 18-ஆம் பிரிவின்படி எழுத்தில் உள்ள தொகையே செல்லும். ஆக அது 45,000 ரூபாய் செக். வீட்டுக்காரர் இந்தப் பிரிவைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு வங்கியில் போடலாம். ஆனால் பெரும்பாலும் அது ‘எழுத்தும் எண்ணும் வேறுபடுகின்றன’ என்ற ரிட்டர்ன் மெமோவோடு திரும்பி வரும். கொடுக்க வேண்டியது எது என்ற சந்தேகம் வந்த இடத்தில், வங்கி வாடிக்கையாளரின் பணத்தில் கை வைக்கத் தயங்குகிறது. அது நியாயமும்கூட.

அப்போது வீட்டுக்காரருக்கு முன்னால் மூன்று வழிகள். சட்டத்தைச் சொல்லி வங்கியோடு வாதாடலாம். அதற்குள் நாள் ஓடிவிடும். உங்களிடம் கொடுத்து 54,000-ஐ அடித்து 45,000 என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்து போடச் சொல்லலாம். முன்பெல்லாம் இது நடந்தது. இப்போது படம் வைத்து நடக்கும் கிளியரிங்கில் தொகையிலோ பெயரிலோ எந்தத் திருத்தமும் செல்லாது, கையெழுத்து போட்டிருந்தாலும் செல்லாது. மூன்றாவதுதான் சரியான வழி: அந்த செக்கைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டு புதிது எழுதுவது. பெறுபவர் இதில் கூச்சப்படக் கூடாது. கணக்கில் பணமில்லாமல் திரும்பும் செக்குக்குத்தான் 138-ஆம் பிரிவில் வழக்கு. எழுத்து வேறுபாட்டால் திரும்பியதை வைத்துக்கொண்டு அந்த மிரட்டலை விட்டால் அது நிற்காது. வாங்கும்போதே கையில் வைத்து எண்ணையும் எழுத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

எழுதுபவர் பக்கம் கவனிக்கவேண்டியது காலி இடம். வரியின் இடது ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ‘நாற்பத்தைந்தாயிரம்’ என்பதற்கு முன்னால் ‘ஒரு லட்சத்து’ புகுந்துவிடும். கட்டத்தில் 45,000-க்கு முன்னால் ஒரு 1 மட்டும் போதும், எண்ணும் எழுத்தும் அழகாக ஒத்துப்போய்விடும். திருத்தம் பார்வைக்குத் தெரியாமல் இருந்து வங்கி பணம் கொடுத்துவிட்டால், 89-ஆம் பிரிவு வங்கியைக் காப்பாற்றும். ‘மட்டும்’ என்று முடித்து, மீதி இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழ்நாட்டில் வங்கிகள் ஏற்க வேண்டும்.

கடைசியாகத் தேதி. செக்கின் ஆயுள் அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம். 2012 ஏப்ரல் 1 வரை ஆறு மாதம் இருந்தது. வயதானவர்கள் சிலர் இன்னும் அதையே நினைத்துக்கொண்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கணக்கு, நீங்கள் கையில் கொடுத்த நாளிலிருந்து அல்ல, தாளில் உள்ள தேதியிலிருந்து. ஜனவரி 5 தேதியிட்டதை மார்ச் தொடக்கத்தில் கொடுத்தால் பெறுபவருக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் மிச்சம். கடைசி நாளை நம்பாமல் மார்ச் முடிவதற்குள் போட்டுவிட வேண்டும், இடையில் விடுமுறை வந்தாலும் கவலையில்லை.

இன்றைய தேதியா, வரப்போகும் தேதியா, தேதியே இல்லாமலா? பின்னால் வரும் தேதி போட்ட செக்கை அந்த நாளுக்கு முன்னால் போட்டால் வங்கி திருப்பும். மூன்று மாதமும் அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். தவணை கொடுக்க இது வசதி. தேதியில்லாமல் கையெழுத்து போட்டுக் கொடுப்பதுதான் ஆபத்து. எந்தத் தேதியை நிரப்புவது என்பது முழுக்க மற்றவர் கையில் போய்விடுகிறது, செக்கின் ஆயுள் எப்போது தொடங்கும் என்றே உங்களுக்குத் தெரியாது.

மூன்று மாதம் தாண்டிவிட்டால் செக்தான் செத்தது, கடன் அப்படியேதான் இருக்கும். தேதியை மட்டும் மாற்றி, பக்கத்தில் முழுக் கையெழுத்து போட்டுப் புதுப்பிக்க விதி இடம் தருகிறது. செக்கில் அனுமதிக்கப்படும் ஒரே திருத்தம் அதுதான். ஆனாலும் படத்தில் திருத்தத்தைப் பார்த்து ஒரு அலுவலர் தயங்கினால் மறுபடி முதலிலிருந்து. அதனால் புதிய செக்கே மேல். பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள். பழையது தொலைந்துவிட்டது என்று அவர் சொன்னால், முதலில் அதன் எண்ணைச் சொல்லி வங்கியில் ஸ்டாப் பேமென்ட் போட்டுவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.