அஞ்சல் குறியீட்டு வரைபடத்தோடு குடித்தனம்: அந்த அறுபது சதவீத நிறம்

வாடிக்கையாளர் பட்டியலில் அஞ்சல் குறியீடு ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு எதற்காகக் காசு கொடுத்து ஒவ்வொரு முகவரிக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வாங்க வேண்டும் என்று ஒரு தோழி கேட்டார். வீடு தேடிச் சென்று இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் நான் இந்த இரண்டு வகை வரைபடங்களோடும் சில ஆண்டுகள் குப்பை கொட்டியிருக்கிறேன். அவருக்கு இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். எரிச்சல் நீண்டுவிட்டது.

குறியீட்டு வரைபடம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு குறியீட்டுப் பகுதிக்கும் ஒரு சராசரி, ஒவ்வொரு சராசரிக்கும் ஒரு நிறம். அழகாகவே இருக்கும், கூட்டத்தில் திரையில் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். என் சண்டை அந்த ஒரே நிறத்தோடுதான். எல்லைக்கோட்டுக்குள் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கிறது என்று அது சொல்கிறது. யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சொல்கிறேன், எண்களைச் சற்று உருட்டியிருக்கிறேன். அந்தக் குறியீட்டில் எங்களுக்கு 400 வாடிக்கையாளர்கள். அவர்களில் 240 பேர் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அதாவது 60 சதவீதம். பக்கத்துக் குறியீட்டிலும் 60 சதவீதம்தான். இரண்டும் வரைபடத்தில் ஒரே இளம்பச்சை. சுமார் ரகம், கவலைப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் அடுத்த பகுதிக்கு நகர்ந்துவிட்டார்கள்.

அதே 400 பேரையும் பக்கத்துக் குறியீட்டுக்காரர்களையும் வீட்டு வாசலின் ஆயத்தொலைவுகளை வைத்துப் புள்ளிகளாகப் போட்டபோது கதை மாறியது. பக்கத்துக் குறியீட்டில் புள்ளிகள் பரவலாக இருந்தன. புதுப்பித்தவர்களும் விலகியவர்களும் கலந்தே கிடந்தார்கள். அங்கே 60 என்பது உண்மையாகவே 60. எங்கள் பகுதியிலோ இரண்டு கொத்துகள் இருந்தன, நடுவில் ஒரு நீர்த்தேக்கம். மேற்குக் கரையில் 300 பேர், அவர்களில் 222 பேர் புதுப்பித்திருந்தார்கள். கிழக்குக் கரையில் 100 பேர், புதுப்பித்தவர்கள் 18. ஒரு கரையில் 74 சதவீதம், மறுகரையில் 18 சதவீதம். வரைபடம் சொன்ன 60 சதவீத வாடிக்கையாளர் கூட்டம் அந்தப் பகுதியில் எங்குமே இல்லை. அந்தக் குறியீட்டின் மையப்புள்ளியும் நீர்த்தேக்கத்தின் நடுவில்தான் விழுந்திருந்தது. எங்கள் மென்பொருள் தூரத்தைக் கணக்கிட்டது அந்தத் தண்ணீரில் இருந்துதான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. எந்த வீட்டுக்கு எந்தப் பணிமனை பொறுப்பு என்பதை நிறுவனம் குறியீட்டை வைத்தே பிரித்திருந்தது. மையப்புள்ளியிலிருந்து எங்கள் பணிமனைக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஆகவே 400 பேரும் ‘அருகில் இருப்பவர்கள்’. உண்மையில் மேற்குக் கரைக்கு இரண்டு கிலோமீட்டர், கிழக்குக் கரைக்கு நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு பதினான்கு. மெக்கானிக் காலையில் சொன்ன நேரத்துக்கு மாலையில் போய்ச் சேர்ந்தார். அப்படி இரண்டு முறை காத்திருந்தவர் மூன்றாம் முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார். இதில் கொடுமை என்னவென்றால், கிழக்குக் கரையின் கடைசித் தெருவில்தான் குறியீட்டின் எல்லைக்கோடு ஓடுகிறது. தெருவின் ஒரு பக்கம் எங்கள் குறியீடு, எதிர்ப்பக்கம் அடுத்த குறியீடு. எதிர்வீட்டுக்காரர்களுக்கு மூன்று கிலோமீட்டரில் இருக்கும் வேறொரு பணிமனையிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்தார். அவர்கள் திருப்தியாக இருந்தார்கள். ஒரே தெரு, ஒரே வகை வீடுகள், ஒரே இயந்திரம். வேறுபட்டது அஞ்சல் குறியீடு மட்டும்.

இதற்கு அஞ்சல் துறையைத் திட்டிப் பயனில்லை. கடிதங்களைப் பிரிப்பதற்காக உருவாக்கப்பட்ட ஏற்பாடு இது. இந்தியாவில் 1972-இல் வந்த ஆறிலக்கக் குறியீட்டில் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று விநியோக அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. ஓர் அஞ்சலகத்திலிருந்து கிளம்பும் அஞ்சல்காரர்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்பதுதான் அதன் உள்ளடக்கம். அங்கே இருப்பவர்கள் ஒரே மாதிரியானவர்கள் என்று அது எப்போதும் சொன்னதில்லை. அமெரிக்காவில் 1963-இல் வந்த குறியீடும் விநியோகப் பாதைகளின் தொகுப்புதான். அதைப் பரப்பாக வரைய முடியாமல், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அதற்கு நெருக்கமான தனிப் பகுதிகளை வகுத்துக்கொண்டது. மறுபக்கம், பிரிட்டனின் முழு அஞ்சல் குறியீடு சராசரியாகப் பதினைந்து முகவரிகளையே கொண்டது. அயர்லாந்தில் 2015-இல் வந்த குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. அந்த நாடுகளில் நான் வேலை செய்திருந்தால் இந்தப் புலம்பலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

எல்லைக்கோடுகளை வேறு மாதிரி வரைந்தால் அதே வாடிக்கையாளர்களிடமிருந்து வேறு சராசரிகள் கிடைக்கும். கிழக்குக் கரையை அடுத்த குறியீட்டோடு சேர்த்திருந்தால் எங்கள் பகுதி அடர்பச்சை, அடுத்தது மஞ்சள். வாடிக்கையாளர் யாரும் வீடு மாறவில்லை, கோடு மட்டும் நகர்ந்திருக்கும். புவியியலில் இது பழைய சிக்கல். சிறு பகுதிகளைச் சேர்த்துப் பெரிதாக்கும்போது இரண்டு அளவுகளுக்கு இடையிலான தொடர்பு வலுவாகத் தெரியத் தொடங்குகிறது என்று 1934-லேயே கெல்கி, பீல் என்ற இருவர் எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுவதுதான் காரணம். கோடு போட்டவர் யார் என்று பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் இதை ஒரு முறையாவது நினைத்துப் பார்க்கலாம்.

தோழியின் பட்டியலுக்குக் குறியீடு போதுமா என்பதைக் காசு செலவழிக்காமலேயே பார்க்க ஒரு வழி உண்டு. குறியீட்டுப் பகுதியின் பரப்பை எடுத்து, அது வட்டமாக இருந்தால் ஆரம் என்ன என்று கணக்கிட வேண்டும். பரப்பு 50 சதுர கிலோமீட்டர் என்றால் ஆரம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்; இரண்டு ஓரங்களில் இருக்கும் வீடுகளுக்கு இடையே 8 கிலோமீட்டர். எடுக்கப்போகும் முடிவு மூன்று கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது என்றால், அந்தக் குறியீட்டால் விடை சொல்லவே முடியாது. எந்த நகரத்துக்கு அதிக விளம்பரம் என்பது மட்டும்தான் கேள்வி என்றால் தாராளமாகச் சொல்லும். பகுதி நீண்டு நெளிந்து கிடந்தால் இந்தக் கணக்கு காட்டுவதைவிட நிலைமை மோசம்.

ஆயத்தொலைவுகளும் யோக்கியமானவை அல்ல. முகவரியைப் புள்ளியாக மாற்றித் தரும் சேவை, கதவு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதபோது ‘தெரியவில்லை’ என்று சொல்வதில்லை. சத்தமில்லாமல் தெருவின் நடுப்புள்ளியையோ குறியீட்டின் மையப்புள்ளியையோ தந்துவிடுகிறது, அதையும் ஏழு தசம இடங்களோடு. ஐந்தாவது தசம இடமே தரையில் ஒரு மீட்டர் அளவு. அதற்கு மேலே இருக்கும் இலக்கங்கள் வெறும் அலங்காரம், ஆனால் பார்ப்பவருக்குத் துல்லியம் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடுகின்றன. நாங்கள் வாங்கிய முதல் தொகுப்பில் குவியல் குவியலாக இப்படிப்பட்ட புள்ளிகள். குறியீட்டிலிருந்து தப்பிக்கப் பணம் கொடுத்து, அதே குறியீட்டைப் புள்ளி வேடத்தில் வாங்கியிருந்தோம்.

இதைப் பிடிப்பது சுலபம். ஒரே இடத்தில் எத்தனை பேர் அடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணினால் போதும்:

```sql
SELECT ROUND(lat, 5), ROUND(lon, 5), COUNT(*)
FROM customers
GROUP BY 1, 2
HAVING COUNT(*) > 5
ORDER BY 3 DESC;
```

மேலே வரும் சில வரிகளின் முகவரிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே கட்டடம் என்றால் அது அடுக்குமாடிக் குடியிருப்பு, தவறில்லை. தெருப்பெயர்கள் வெவ்வேறாக இருந்தால் அது போலிப் புள்ளி. சில சேவைகள் விடையோடு தரத்தையும் சொல்லிவிடுகின்றன. கூகுளின் சேவையில் `location_type` என்ற புலத்தில் `ROOFTOP` என்று வந்தால் அந்தக் கட்டடம் வரை தெரிந்திருக்கிறது. `APPROXIMATE` என்று வந்தால் உத்தேசம்தான். அந்தப் புலத்தைச் சேமிக்காமல் எண்களை மட்டும் இறக்கிக்கொள்பவர்கள் ஏராளம். சேமித்து, உத்தேசப் புள்ளிகளைத் தனி நிறத்தில் காட்டிய பிறகுதான் எங்கள் வரைபடத்தை நான் நம்பத் தொடங்கினேன்.

குறியீட்டின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது எப்போதும் நிரப்பப்பட்டிருக்கிறது. முகவரியைத் தாறுமாறாக எழுதுபவர்கூடத் தன் குறியீட்டைச் சரியாக எழுதுகிறார். இலவசம். யாருடைய வீட்டு வாசலையும் காட்டிக்கொடுப்பதில்லை. இது சிறிய விஷயம் அல்ல: பெயரை நீக்கிவிட்டாலும் வாசலைக் காட்டும் புள்ளி ஆளைக் காட்டிவிடும். அதனால் எங்கள் புள்ளி வரைபடத்தை நாங்கள் வெளியாருக்கு அனுப்புவதில்லை. அனுப்ப வேண்டியிருந்தால் அரைக் கிலோமீட்டர் கட்டங்களாக்கி, பத்துப் பேருக்குக் குறைவான கட்டத்தை மறைத்துவிடுகிறோம். கட்டமும் ஒரு பகுதிதான், அதற்குள்ளும் சராசரி ஒளிந்துகொள்ளும் என்பது தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தின் அளவை எங்கள் கேள்விக்கு ஏற்ப நாங்களே முடிவு செய்தோம். சந்தேகம் வந்தால் பாதியாக்கிப் பார்க்கலாம், நிறம் மாறினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். அஞ்சல் குறியீட்டைப் பாதியாக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் குறியீட்டுக்குத்தான் மதிப்பெண் அதிகம் வரும். செலவில்லை, பிழையில்லை, அந்தரங்கத்துக்கு ஆபத்தில்லை. புள்ளிகளுக்குக் காசு, சரிபார்ப்பு, பாதுகாப்பு என்று ஆயிரம் தொல்லைகள். தோழியிடம் என்னுடைய பரிந்துரை: புள்ளிகளை வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம், ஆள் அனுப்பும் பகுதிகளுக்கு மட்டும். கிழக்குக் கரையின் 100 பேரை அடுத்த பணிமனைக்கு மாற்றச் சொல்லி நான் கேட்டபோது, “அந்தக் குறியீடு பச்சையாகத்தானே இருக்கிறது?” என்று மேலாளர் திருப்பிக் கேட்டார். புள்ளிகளைக் காட்டிய பிறகுதான் மாற்றினார்கள். அன்று மாலையே அந்த வண்ண வரைபடத்தை முகப்புத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். கோபத்தில் செய்ததுதான், திரும்பப் போடும் எண்ணம் இன்னும் வரவில்லை.