மாதவிடாய் நின்ற பிறகு எலும்புக்கு எது உதவும்: கிரியேட்டினா, எடைப் பயிற்சியா, இரண்டுமா?

“அம்மா, இந்தப் பவுடரைக் குடித்தால் எலும்பு தேயாது” என்று சொல்லி ஐம்பதைக் கடந்த பெண்களிடம் கிரியேட்டின் டப்பாவை விற்கிறார்கள். இது முழுப் பொய் இல்லை. ஆனால் எலும்புக்கும் தசைக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. அதனால் பவுடர் மட்டும், எடைப் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று வழிகளையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் நியாயம்.

பவுடர் மட்டும் என்ற வழியை உடனே தள்ளிவிடலாம். எலும்பு அடர்த்தி குறைந்திருந்த 200 பெண்களைக் கொண்டு பிரேசிலில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. தினம் 3 கிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள், உடற்பயிற்சி சேர்க்கவில்லை. எலும்பு, தசை, உடல் இயக்கம் எதிலும் மாற்றம் இல்லை. இதற்குக் காரணம் கிரியேட்டின் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. கனமான எடையைத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் தசைக்கு வேண்டிய ஆற்றலை அது வேகமாக மீட்டுத் தருகிறது. எட்டு முறை தூக்கிக் களைப்பவரால் ஒன்பதாவது முறையும் தூக்க முடிகிறது. எடையே தூக்காதவருக்கு அந்த ஒன்பதாவது முறை எங்கிருந்து வரும்?

எடைப் பயிற்சி மட்டுமே செய்வதற்கு வலுவான சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 2018இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் இருமுறை, அரை மணி நேரம், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, கனமான எடையை ஐந்தைந்து முறையாகத் தூக்கினார்கள். தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட், எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரெஸ், இவற்றோடு குதித்து இறங்கும் பயிற்சியும் இருந்தது. எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் ஏறியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு அது 1 சதவீதம் அளவு இறங்கியது. அரைக் கிலோ டம்பெல்லை ஐம்பது முறை ஆட்டினால் வலுவாக வேண்டும் என்ற சேதி எலும்புக்குப் போய்ச் சேராது.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல். 2015இல் கனடாவில் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஓராண்டு பயிற்சியோடு கிரியேட்டின் எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் இழப்பு 1.2 சதவீதம், வெற்றுப் பொடி எடுத்தவர்களுக்கு 3.9 சதவீதம். பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். அதே ஆய்வாளர்கள் 237 பெண்களை வைத்து இரண்டு ஆண்டுகள் நடத்திய பெரிய ஆய்வு 2023இல் வந்தபோது, எலும்பு அடர்த்தியில் கிரியேட்டின் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி வடிவ அளவுகளிலும் நடை வேகத்திலும் மட்டும் சிறு முன்னேற்றம் தெரிந்தது. பெரிய ஆய்வைத்தான் நான் நம்புகிறேன். ஆகவே எலும்பு அடர்த்திக்காக இதை வாங்க வேண்டாம்.

தசைக்காக வாங்கலாம். முதியவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பயிற்சியோடு எடுத்தவர்களுக்குக் கொழுப்பில்லாத உடல் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடுகிறது. அதில் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு.

58 வயது, 60 கிலோ எடை, சைவ உணவு, எலும்பு அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் இடுப்பில் −1.9, எலும்பு முறிவு எதுவும் இல்லை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கிரியேட்டின் முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும் இருப்பதால் சைவர்களின் தசையில் இருப்பு குறைவு. பலன் சற்றுத் தெளிவாகத் தெரியலாம். சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 5 கிராம் போதும், எந்த நேரத்திலும் எடுக்கலாம். வாரம் இரண்டு மூன்று நாள் டம்பெல்லை மார்போடு பிடித்து ஸ்குவாட், எட்டு முறை வீதம் மூன்று சுற்று. கடைசிச் சுற்றிலும் பத்து முறை சுலபமாக வந்தால் எடையைக் கூட்ட வேண்டும். முதல் மாதம் உடல் எடை ஒரு கிலோ ஏறினால் பயப்பட வேண்டாம், அது தண்ணீர். கையை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று தொடக்கத்திலும் மூன்று மாதம் கழித்தும் எண்ணிப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு ஓரிரு ஆண்டு காத்திருந்து, அதே மெஷினில் எடுக்க வேண்டும். ஒரு சதவீத ஏற்ற இறக்கம் அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். இந்த வயதில் இடுப்பு எண் இறங்காமல் நின்றாலே அது லாபம். டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்கும் கீழே போயிருந்தாலோ, லேசாக விழுந்ததில் எலும்பு முறிந்திருந்தாலோ மருத்துவர் தரும் எலும்பு மருந்துதான் முதலில். அந்த இடத்தைக் கிரியேட்டின் பிடிக்காது.

இன்னொன்று, இதை எடுப்பவர்களின் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியாட்டினின் சற்றுக் கூடிக் காட்டலாம். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அறிக்கை வேறு மாதிரி வந்து வீடே கலங்கிவிடும். பவுடர் எடுப்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை சிறுநீரகத்தின் உண்மை நிலையைக் காட்டும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கவே கூடாது.