நெய்யா, தேங்காய் எண்ணெயா, செக்கு எண்ணெயா: எடை குறைய எது?

எங்கள் வீட்டில் இப்போது செக்குக் கடலை எண்ணெய்தான். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் 'காணத எண்ணெ' என்று கன்னடத்தில் பலகை வைத்த கடையில் வாங்குகிறோம். வாசனைக்காகத்தான் வாங்குகிறேன், இளைப்பதற்காக இல்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

நெய், தேங்காய் எண்ணெய், செக்கு எண்ணெய் எதுவானாலும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 9 கலோரிதான். செக்கில் ஆட்டினால் மணமும் வைட்டமின் ஈயும் கூடுதலாகத் தங்கும், கொழுப்பு குறையாது. நெய்யில் கொழுப்பைக் கரைக்கும் பொருள் இருப்பதாகச் சொல்வார்களே, அது இருப்பது மிகச் சொற்பம்.

தேங்காய் எண்ணெய்க்குச் சொல்லப்படும் காரணம்தான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சீக்கிரம் எரியும் என்பார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது 'எம்.சி.டி.' என்று அந்தக் கொழுப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்த எண்ணெய். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்; அதையும் நடுத்தரச் சங்கிலி என்றுதான் சொல்வார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி உடலுக்குள் நீண்ட சங்கிலிக் கொழுப்புகள் போகும் வழியில்தான் போகிறது. அப்புறம் பெங்களூரு டிசம்பர்க் காலையில் அது உறைந்துவிடும். கெட்டியானதை அள்ளும்போது கரண்டி கோபுரமாகிவிடும். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன்: உருக்கி ஊற்றிய ஒரு கரண்டி 13 கிராம், உறைந்ததை அள்ளிய அதே கரண்டி 22 கிராம். நெய்க்கும் இதே கதைதான்.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? என் கணக்கில் ஒன்றே ஒன்று: கேன் எத்தனை நாளில் காலியாகிறது என்பது. நாங்கள் மூன்று பேர். ரீஃபைண்ட் எண்ணெய் வாங்கிய காலத்தில் மாதம் 2 லிட்டர் போனது. செக்கு எண்ணெய்க்கு மாறியதும், "இது நல்ல எண்ணெய்தானேங்க" என்று மனைவி ஊற்ற, நானும் தோசைக்கல்லில் தாராளமாக விட, 3 லிட்டர் ஆனது. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். 2 லிட்டரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 கிராம், 180 கலோரி. 3 லிட்டரில் 30 கிராம், 270 கலோரி. இளைக்க வாங்கிய எண்ணெயால் தினமும் ஆளுக்கு 90 கலோரி ஏறியது! வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை இதில் கழிக்கவில்லை. எங்கள் வீட்டில் அது மாதம் ஒருமுறைதான்.

நெய் மட்டும் சேர்த்துப் பார்த்தது இரண்டே வாரம். பசி அடங்கியது போலிருந்தது, ஆனால் அப்போது இட்லியையும் குறைத்திருந்தேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பருப்புச் சாதத்துக்கு ஒரு சின்ன ஸ்பூன் நெய் இன்றும் உண்டு, உருக்கித்தான்.

இப்போது எண்ணெய் கேன் அடுப்பருகே இல்லை, பரணில். வாரத்துக்கு 350 மில்லி மட்டும் சின்ன பாட்டிலில் இறங்கும். வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டால் சனி, ஞாயிறு இட்லியும் புட்டும்தான்.