டர்பன் விடுதியில் சாவி வாங்கும் முன் மறுபடியும் வாட் கேட்டால் கொடுக்காதீர்கள்

புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லெனேசியாவிலிருந்து டர்பன் வந்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. இரவு ஒன்றுக்கு 1,200 ராண்டு என்று மூன்று இரவுக்கு முன்பதிவு செய்து, 3,600 ராண்டு கார்டில் கட்டியாயிற்று. விடுதி முகப்பில் இன்னும் 1,816 ராண்டு கட்டினால்தான் சாவி என்றார்கள். நீண்ட பயணக் களைப்பு, தூங்கி விழும் குழந்தைகள். கட்டிவிட்டார்கள்.

அந்த 1,816-ஐப் பிரித்துப் பார்ப்போம். வாட் 540, சுற்றுலா லெவி 36, கார் நிறுத்த இரவுக்கு 80 வீதம் 240, பிரேக்கேஜ் டெபாசிட் 1,000.

இதில் 540 அப்பட்டமான மோசடி. தென்னாப்பிரிக்க வாட் சட்டப்படி, அறிவிக்கும் விலையில் வாட் சேர்ந்தே இருக்க வேண்டும். பிரித்துக் காட்டுவதென்றால் வரியில்லா விலை, வரி, மொத்தம் மூன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்தக் குடும்பத்தின் முன்பதிவுத் தாளிலேயே, விலைக்குக் கீழே பொடி எழுத்தில், 15% வாட் சேர்ந்தது, 1% சுற்றுலா லெவி சேராதது என்று இருந்தது. வாட் ஏற்கெனவே 3,600-க்குள் இருக்கிறது. எவ்வளவு என்று அறிய, தொகையை 23-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்குங்கள்: 469.57 ராண்டு வரும். முகப்பில் கேட்டது 3,600-இன் மேல் புதிதாகப் போட்ட 15%. ஒரே அறைக்கு இரண்டு முறை வரி.

அப்படிக் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். முன்பதிவுத் தாளின் அந்த வரியைக் காட்டி, "வரி விலைச்சீட்டு கொடுங்கள், வாட் எண்ணோடு" என்று கேளுங்கள். அந்த எண் பத்து இலக்கம், 4-இல் தொடங்கும். வாட் பதிவே இல்லாத சின்ன விருந்தினர் இல்லங்களும் உண்டு. அவர்களுக்கு வாட் வசூலிக்கும் உரிமையே கிடையாது. எண்ணைக் கேட்டதும் பெரும்பாலும் அந்த 540 மறைந்துவிடும்.

லெவி வேறு விஷயம். அது அரசு வரி அன்று. நாட்டின் சுற்றுலா விளம்பரத்துக்காக, அதில் சேர்ந்துள்ள விடுதிகள் விருந்தினரிடம் வாங்கும் 1%. தாளில் 'சேராதது' என்று சொல்லியிருந்தால் முகப்பில் கேட்பது முறைதான். கார் நிறுத்தக் கட்டணமும் அப்படியே: அது விலைப் பிரிவில் இருக்காது, விடுதி விதிகள் என்ற பகுதிக்குள் இருக்கும். அதையும் திறந்து படித்துவிட்டே பணம் கட்டுங்கள்.

டெபாசிட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கார்டில் தொகையைப் பிடித்து வைப்பது ஒன்று, வசூலித்தே விடுவது வேறொன்று. மெஷினிலிருந்து வரும் சீட்டில் PRE-AUTH என்றிருந்தால் பிடித்து வைத்திருக்கிறார்கள், அறையை ஒப்படைத்ததும் விடுவிப்பார்கள். PURCHASE என்றிருந்தால் பணம் போய்விட்டது. திரும்ப வர அவர்களே தனியாக ரீஃபண்ட் போட வேண்டும். இந்தக் குடும்பத்தின் சீட்டில் இருந்தது PURCHASE. டெபிட் கார்டு என்றால் பிடித்து வைத்த தொகைகூடச் சில நாள் உங்கள் கணக்கில் புழங்க முடியாமல் கிடக்கும். ஆகவே டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டைக் கொடுங்கள். அறைக்குள் போனதும் முதல் வேலையாகச் சுவர், கண்ணாடி, டிவி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

முன்பதிவு செய்யும்போதே ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. அதே அறை, ரத்து செய்யலாம் என்ற வகையில் 1,350 ராண்டு. Non-refundable என்ற வகையில் 1,200. மூன்று இரவுக்கு 450 மிச்சம். ஆனால் போக முடியாமல் போனால் இழப்பது 3,600. பயணம் தவறிப்போக ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பிருந்தால் அந்த மிச்சம் மிச்சமே அன்று. வயதான பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் 450-ஐக் கொடுத்துவிடுவதே நல்லது. இலவசமாக ரத்து செய்யக் கடைசி நாளோடு கடைசி மணியும் போட்டிருப்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

Non-refundable எடுத்துவிட்டாலும் எல்லாம் போச்சு என்று இல்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி முன்பதிவை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. விடுதி நியாயமான ரத்துக் கட்டணம் மட்டுமே பிடிக்கலாம். எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், அந்த அறையை வேறொருவருக்குக் கொடுக்க முடியுமா என்பதை வைத்தே நியாயம் பார்க்கப்படும். ஒரு மாதம் முன்னே சொன்னவரிடம் முழுத் தொகையையும் பிடித்தால் எதிர்த்துக் கேட்கலாம். முந்தின நாள் மாலை சொன்னால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

யாருக்காக முன்பதிவு செய்தீர்களோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது. இதில் ஓர் எல்லை இருக்கிறது: அந்த ஆள் முன்பதிவில் இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெரியப்பா மருத்துவமனையில் என்றால் இந்த விதி உதவாது. அதனால் தங்கப்போகும் எல்லோருடைய பெயரையும் பதிவில் எழுதுங்கள், பாட்டி பெயர் உட்பட. மருத்துவமனைச் சான்றோடு விடுதிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். மறுத்தால் அதே மின்னஞ்சலை இணைத்துத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம்.